பெரியம்மை ஒழிந்த பிறகும் கூழ் ஊற்றுகிறார்களே: சடங்கும் செயல்பாட்டு விளக்கமும்

"சடங்குகள் சமூகத்தை ஒன்றிணைக்கின்றன." மதச் சமூகவியல் தாளுக்கு எழுதப்படும் அசைன்மெண்ட்களில் பெரும்பாலானவை இந்த வரியில்தான் தொடங்குகின்றன. பாதிக்கு மேல் இதே வரியில்தான் முடிகின்றன. நடுவில் துர்கைம் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளரின் பெயர் ஒரு தடவை வரும், ஏதாவது ஒரு திருவிழா வரும், அவ்வளவுதான். பெங்களூருவில் சமூகவியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கட்டுரை திருத்திக் கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வரி பொய் இல்லை. ஆனால் அது எதையும் விளக்குவதும் இல்லை. ஏன் இல்லை என்று புரிந்தால் பாதி அசைன்மெண்ட் முடிந்த மாதிரி.

இதற்கு ஒரே ஒரு சடங்கை எடுத்துக்கொள்வோம். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவது. அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராம்புரம் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

## ஒரு சடங்கு, மூன்று பதில்கள்

சனிக்கிழமையே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தெருவில் செங்கல் அடுப்பு கூட்டி, அண்டாவில் நொய்யரிசியை வேகவிட்டு, அதில் மாவை ஊற்றிக் கிண்டுவார்கள். கிண்டுகிற கை மாறிக்கொண்டே இருக்கும். அடி பிடித்தால் அண்டா முழுக்கத் தீய்ந்த வாசனை வந்துவிடும். ஆறியதும் மோரும் சின்ன வெங்காயமும் சேரும். வேப்பிலை கட்டிய குடங்களில் பெண்கள் கூழை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். அம்மனுக்குப் படைத்த பிறகு வரிசையில் நிற்கும் யாருக்கும் ஊற்றுவார்கள். தூக்குவாளி கொண்டு வருபவர் உண்டு, பிளாஸ்டிக் குடத்தோடு வருபவரும் உண்டு. செலவுக்குப் பணம்? கமிட்டி ஒரு மாதம் முன்பே ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கும்.

இதை ஏன் செய்கிறார்கள் என்று கேட்டால் மூன்று விதமான பதில் வரும்.

குடம் தூக்கி வரும் பாட்டியிடம் கேட்டால், "அம்மாவுக்கு வேண்டிக்கிட்டேன், ஊத்துறேன். வேற என்ன காரணம் வேணும் கண்ணு?" என்பார்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் வேறு பதில். "கூழ் உடல் சூட்டைத் தணிக்கும், வேப்பிலை கிருமிநாசினி, முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை." கூடவே நாலு கைகூப்பும் படங்கள்.

மூன்றாவது, மாணவரின் பதில்: "இது சமூக ஒற்றுமையை வளர்க்கிறது."

இந்த மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான பதில்கள். பாட்டி சொல்வது, செய்கிறவரின் நோக்கம். வாட்ஸ்அப் சொல்வது, யாரோ ஒரு முன்னோர் மருத்துவப் பயனை அறிந்தே இதை ஏற்படுத்தினார் என்ற ஊகம். அந்த முன்னோர் யார், எப்போது, எப்படி அறிந்தார் என்று யாரும் காட்டுவதில்லை. மாணவர் சொல்வது, சடங்கினால் விளையும் பலன். சமூகவியலில் செயல்பாடு என்றால் இந்தக் கடைசி ஒன்றுதான்: ஒரு வழக்கம், தான் இருக்கும் சமூகம் நிலைத்திருக்கவோ சீராக ஓடவோ உதவும் விதத்தில் விளைவிக்கும் பலன். ஒரு வழக்கத்தை அதன் செயல்பாட்டை வைத்து விளக்குவதே செயல்பாட்டுவாதம்.

ஆக, நோக்கம் வேறு, செயல்பாடு வேறு. ராபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1949இல் இதற்கு இரண்டு பெயர் வைத்தார். செய்கிறவர்களே அறிந்து, விரும்பிச் செய்யும் பலன் வெளிப்படைச் செயல்பாடு. அவர்கள் நினைக்காமலேயே விளையும் பலன் உள்ளுறைச் செயல்பாடு. அவர் சொன்ன எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் ஹோப்பி பழங்குடியினர் மழை வேண்டிச் செய்யும் சடங்கு. அந்தச் சடங்கால் மழை வராது. அதனால் அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் போவது சுலபம். ஆனால் சிதறிக் கிடக்கும் மக்கள் அதனால் ஓரிடத்தில் கூடுகிறார்கள் என்பதும் நடக்கிறது. மழையை மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிடுவார். செயல்பாட்டுவாதத்தின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. அதைக் குறை சொல்லப்போகும் முன்னால் இதை ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

## கூட்டமா, பயமா?

சரி, உள்ளுறைச் செயல்பாடு என்னவாக இருக்கலாம்? இரண்டு பெரிய பதில்கள் உண்டு.

முதல் பதில் எமில் துர்கைமுடையது. 1912இல் வந்த மதம் பற்றிய நூலில் ஆஸ்திரேலியப் பழங்குடிகளை எடுத்துக்கொண்டார். அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனதில்லை. அங்கே போனவர்கள் எழுதியதைப் படித்தே எழுதினார். அந்த மக்களுடைய வாழ்க்கை இரண்டு கட்டமாக நடப்பதாக அவர் பார்த்தார். ஒன்றில் சின்னச் சின்னக் குழுக்களாகச் சிதறி இரை தேடுவார்கள். இன்னொன்றில் எல்லோரும் கூடிச் சடங்கு செய்வார்கள். அப்படிக் கூடும்போது ஆட்டமும் பாட்டும் ஏறி, தனி ஆள் தன்னை மறக்கும் ஒரு வேகம் பிறக்கிறது. இதைக் கூட்டுக் கொந்தளிப்பு என்பார்கள். அந்த நேரத்தில் தன்னை மீறிய ஏதோ ஒன்று தன்னைப் பிடித்திருப்பதை மனிதர் உணர்கிறார். அதைத் தெய்வம் என்கிறார். துர்கைமைக் கேட்டால் அந்த 'ஏதோ ஒன்று' வேறெதுவும் இல்லை, அவருடைய சமூகமே.

நம் தெருவில் இது எளிதாகப் பொருந்தும். வாரம் முழுக்க ஒருத்தர் கார்மெண்ட்ஸில், ஒருத்தர் கட்டட வேலையில், ஒருத்தர் அபார்ட்மெண்ட் ஹவுஸ்கீப்பிங்கில் என்று நகரம் முழுக்கச் சிதறிப்போகிறவர்கள் இவர்கள். பம்பை அடித்து ஒருவருக்குச் சாமி வரும்போது தெருவே மூச்சைப் பிடித்து நிற்கிறது. நாம் எல்லோரும் ஒன்று என்பது அன்றைக்கு வெறும் பேச்சாக இல்லாமல் உடம்பில் ஏறுகிறது.

இரண்டாவது பதில் மாலினோவ்ஸ்கியுடையது. முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக்கில் உள்ள டிரோபிரியண்ட் தீவுகளில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர். அங்கே இரண்டு விதமான மீன்பிடிப்பைக் கவனித்தார். தீவை ஒட்டிய உப்பங்கழியில் தண்ணீரில் நஞ்சு கலந்து மீன் பிடிப்பார்கள். ஆபத்து இல்லை, மீனும் நிச்சயம் கிடைக்கும். அங்கே மந்திரமோ சடங்கோ கிடையாது. திறந்த கடலுக்குப் போகும்போது உயிருக்கு ஆபத்து, மீன் கிடைக்குமா என்பதும் தெரியாது. அங்கே விரிவான மந்திரச் சடங்குகள் உண்டு. தன் திறமையும் அறிவும் எங்கே கைவிடுகிறதோ அங்கே சடங்கு வந்து மனத்துக்குத் தெம்பு கொடுக்கிறது என்பது அவர் முடிவு. இந்த வாதத்தில் எனக்குப் பிடித்தது அதன் ஒழுங்கு: ஒரே மக்கள், ஒரே தொழில், ஆபத்து மட்டும் மாறுகிறது, சடங்கும் அதோடு மாறுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது.

இதற்கு ராட்கிளிஃப்-பிரவுன் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1939இல் ஒரு மறுப்பு சொன்னார். சடங்கு பயத்தைப் போக்குகிறது என்கிறீர்களே, பல நேரங்களில் பயத்தைக் கொடுப்பதே சடங்குதானே? யோசித்துப் பாருங்கள். காப்புக் கட்டிக்கொண்டவர் விரதம் பிசகிவிடுமோ என்று நடுங்குகிறார். காப்பே கட்டாதவருக்கு அந்த நடுக்கம் இல்லை. இந்தச் சண்டையைத் தீர்க்கப் பின்னால் முயன்றார்கள். நம் தாளுக்கு அது தேவையில்லை. ஒரே சடங்குக்கு நேர் எதிரான இரண்டு செயல்பாடுகளைச் சொல்ல முடிகிறது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

இதுவரை வந்தது: செயல்பாடு என்பது பலன், நோக்கம் அல்ல. துர்கைம் அந்தப் பலனைக் கூட்டத்தில் தேடினார், மாலினோவ்ஸ்கி தனி ஆளின் பயத்தில் தேடினார்.

## நோய் போனது, சடங்கு போகவில்லை

இப்போது இவற்றைச் சோதித்துப் பார்க்கலாம். மாரியம்மன் பெரியம்மை நோயோடு சேர்த்து வணங்கப்பட்ட தெய்வம். வீட்டில் ஒருவருக்கு அம்மை வார்த்தால் வாசலில் வேப்பிலை செருகுவதும், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை விருந்தாளிகளைச் சேர்க்காததும் இன்றும் பலர் பார்த்திருக்கும் வழக்கங்கள். பெரியம்மைக்கு அன்று மருந்து கிடையாது. வந்தவர்களில் பலர் இறந்தார்கள், பிழைத்தவர்களில் சிலர் கண்ணை இழந்தார்கள். திறந்த கடலைவிட மோசமான நிச்சயமின்மை. மாலினோவ்ஸ்கி விளக்கம் அச்சாகப் பொருந்துகிறது என்று தோன்றும்.

ஆனால் இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 1975 மே மாதத்தில். உலகம் முழுக்க ஒழிந்துவிட்டதென்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பயம்தான் சடங்கைத் தாங்கி நிற்கும் தூண் என்றால், பயம் போன பிறகு சடங்கு சரிய வேண்டும். உப்பங்கழியில் மந்திரம் இல்லாதது போல, 1980க்குப் பிறகு ஆடிக்கூழ் மெல்ல மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. இந்தத் தெருக்களில் அண்டாக்கள் பெரிதாகத்தான் ஆகியிருக்கின்றன.

பெங்களூருக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு உண்டு. 1898இல் இந்த நகரத்தில் பிளேக் புகுந்தது. மல்லேஸ்வரம், பசவனகுடி ஆகியவை பெரிய குடியிருப்புப் பகுதிகளாக உருவானதற்கு அந்தப் பிளேக் ஒரு காரணம். அதே பிளேக்கின் பெயரில் அம்மன் கோயில்களும் எழுந்தன. பிளேக் அம்மா, பிளேக் மாரம்மா என்ற பெயர்களில் அவை இன்றும் இருக்கின்றன. பிளேக் வந்துவிடுமோ என்று யாரும் இன்று அங்கே போய்க் கும்பிடுவதில்லை. ஆனாலும் கும்பிடுகிறார்கள்.

செயல்பாட்டுவாதியிடம் இதற்குப் பதில் உண்டு. "முன்பு அம்மை பயம், இப்போது வேலை பயம், பரீட்சை பயம், குழந்தைப் பேறு பற்றிய கவலை. செயல்பாடு மாறிவிட்டது." இருக்கலாம், அந்த வரிசையில் நிற்பவர்களைக் கேட்டால் இந்தக் கவலைகளைத்தான் சொல்லவும் செய்வார்கள். ஆனால் இந்தப் பதிலுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பாருங்கள். அம்மை இருந்தபோது சடங்கு இருந்தது, அது பயத்தால். அம்மை போன பிறகும் சடங்கு இருக்கிறது, அதுவும் பயத்தால், வேறு பயத்தால். கவலையே இல்லாத மனிதக் கூட்டம் எங்கே இருக்கிறது? எப்படி நடந்தாலும் பொருந்துகிற விளக்கம், நடந்தது ஏன் அப்படி நடந்தது என்பதைச் சொல்வதில்லை. மாலினோவ்ஸ்கியின் மீன்பிடிப்பில் இருந்த ஒழுங்கு இங்கே கரைந்துவிட்டது. அங்கே சடங்கு இல்லாத உப்பங்கழி என்று ஒன்று இருந்தது, இங்கே அப்படி எதுவும் இல்லை.

அசைன்மெண்ட்டில் இந்தக் குழியில் விழுகிறோமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. "சடங்கின் செயல்பாடு இது" என்று எழுதியதும், என்ன நடந்திருந்தால் இது தவறு என்று ஒப்புக்கொள்வேன் என்பதை அடுத்த வரியில் எழுத முயலுங்கள். எழுத வரவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது விளக்கம் இல்லை.

## டீக்கடை எப்படி நிலைக்கிறது?

இப்போது இயந்திரத்தைத் திறந்து பார்க்கலாம். தெருமுனையில் ஒரு டீக்கடை. காலை ஆறு மணிக்கு ஆட்டோக்காரர்கள், செக்யூரிட்டிகள், பேப்பர் போடும் பையன்கள் கூடுகிறார்கள். ஒருவருக்கு ஒருவர் பழக்கமாகி, அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுக்கிற அளவுக்கு நெருங்குகிறார்கள். தெருவில் நட்பு வளர்வது டீக்கடையின் பலன். அதனால் "நட்பு வளர்வதற்காகத்தான் டீக்கடை இருக்கிறது" என்று சொல்லலாமா? சொன்னால் கடைக்காரரே சிரிப்பார். அவர் கடை போட்டது பிழைப்புக்கு. ஒன்றின் பலன் அது தோன்றிய பிறகு வருவது. பின்னால் வருவது முன்னால் வந்ததற்குக் காரணமாக முடியாது.

ஆனால் கொஞ்சம் பொறுங்கள். பக்கத்துத் தெருவில் இதே விலைக்கு இன்னொரு கடை திறந்தார்கள், ஆறு மாதத்தில் மூடிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கடை ஏன் நிலைத்தது? இங்கே பழகியவர்கள் பேச்சுக்காகவே வருகிறார்கள், வந்தால் டீ குடிக்கிறார்கள், அதனால் கல்லா நிறைகிறது, அதனால் நாளைக்கும் கடை திறக்கிறது. இப்போது நட்பு என்ற பலன், சுற்றி வந்து கடையைத் தாங்குகிறது. இப்படிப் பலன் திரும்பி வந்து தன்னை விளைவித்ததையே நிலைநிறுத்தும் சுற்றுக்குப் பின்னூட்டம் என்று பெயர்.

ஜான் எல்ஸ்டர் என்ற நார்வே நாட்டுச் சிந்தனையாளர் செயல்பாட்டு விளக்கங்களிடம் கறாராகக் கேட்டது இதைத்தான். பலனைக் காட்டுகிறீர்கள், அது நல்ல பலன் என்கிறீர்கள், யாரும் திட்டமிடவில்லை என்கிறீர்கள். எல்லாம் சரி. அந்தப் பலன் எந்த வழியாகத் திரும்பி வந்து வழக்கத்தைத் தாங்குகிறது? அதைக் காட்டாமல் முதல் மூன்றை மட்டும் சொன்னால் அது கதை. இன்னொன்றையும் கவனியுங்கள். பின்னூட்டத்தைக் காட்டினாலும் அது ஒரு வழக்கம் *நிலைப்பதை* மட்டுமே விளக்கும். அது எப்படித் *தோன்றியது* என்பதை விளக்காது. அதற்கு வரலாறு வேண்டும்.

கூழ் அண்டாவுக்கு வருவோம். இங்கே பின்னூட்டம் இருந்தால் அது எங்கே ஓடும்? என் ஊகம், ரசீதுப் புத்தகத்தில். திருவிழாவில் சேர்ந்து வேலை செய்தவர்களுக்குள் பழக்கம் ஏற்படுகிறது. அந்தப் பழக்கத்தால் அடுத்த வருஷம் வசூலுக்குப் போகும்போது கதவு திறக்கிறது, பணம் வருகிறது, அண்டா அடுப்பில் ஏறுகிறது. இது உண்மையா என்று பார்க்க முடியும். பழைய ரசீதுக் கட்டைகளைக் கமிட்டியிடம் கேட்டு வாங்குங்கள். புதிதாகக் குடிவந்த வீடு எந்த வருஷம் முதல்முறை கொடுத்தது, கொடுப்பதற்கு முன்பே அவர்கள் கூழ் கிண்ட வந்தார்களா, அல்லது கொடுத்த பிறகா? ஓசூர் ரோடு பக்கம் வீடு வாங்கிப் போனவர்கள் இன்னமும் கொடுக்கிறார்களா? கலந்துகொள்ளாமல் பணம் மட்டும் கொடுக்கிறவர்கள் எத்தனை பேர்?

ரசீதுக் கட்டையைப் புரட்டும்போது வேறு ஒன்றும் தெரியவரலாம். செலவில் பெரும் பங்கை ஒரே ஒரு ஆள் கொடுத்திருப்பார்: வார்டில் தேர்தலுக்கு நிற்க நினைப்பவர், அல்லது ரியல் எஸ்டேட்காரர். வளைவில் வைத்த பேனரில் அம்மனைவிடப் பெரிதாக அவர் படம் இருக்கும். அப்படியென்றால் சடங்கைத் தாங்கி நிற்பது தெருவின் ஒற்றுமை இல்லை, ஒருவரின் அரசியல் கணக்கு. ஒற்றுமை வளர்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சடங்கு நிலைப்பதற்கு அது காரணம் இல்லை. "ஒன்றிணைக்கிறது" என்று எழுதி நிறுத்தியவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படவே படாது.

சுருக்கமாக, பலனைக் காட்டுவது முதல் படிதான். பலன் திரும்பி வரும் வழியைக் காட்டினால்தான் விளக்கம். அப்போதும் தோற்றத்துக்குத் தனியாகப் பதில் தேட வேண்டும்.

## யாரை யாரோடு ஒன்றிணைக்கிறது?

மெர்ட்டன் இன்னொரு விஷயத்தையும் கேள்வி கேட்டார். சின்னத் தீவுகளையும் பழங்குடிகளையும் ஆய்ந்தவர்கள், சமூகம் என்பது ஒரே உடம்பு மாதிரி, ஒரு வழக்கம் நல்லதென்றால் மொத்த உடம்புக்கும் நல்லது என்று எடுத்துக்கொண்டார்கள். பெரிய, பலதரப்பட்ட சமூகத்தில் இப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு பகுதிக்குச் செயல்பாடாக இருப்பது இன்னொரு பகுதிக்குக் கேடாக இருக்கலாம். அந்தக் கேட்டை அவர் எதிர்ச்செயல்பாடு என்றார்.

இதை விளக்க, மதச் சமூகவியலில் எல்லோரும் படிக்கும் ஒரு சாவு உண்டு. கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1950களின் தொடக்கத்தில் இந்தோனேசியாவின் ஜாவாவில் ஒரு சிறு நகரத்தில் ஆய்வு செய்தார். கட்டுரை 1957இல் வெளிவந்தது. ஜாவாவில் பிறப்பு, சாவு எதுவானாலும் அக்கம்பக்கத்தார் கூடி உண்ணும் சிறு விருந்துச் சடங்கு நடக்கும். அதன் பெயர் ஸ்லமெத்தான். துர்கைமுக்கு அச்சடித்த எடுத்துக்காட்டு என்று சொல்லத்தக்கது. அங்கே, மாமா வீட்டில் தங்கியிருந்த சுமார் பத்து வயதுச் சிறுவன் திடீரென்று இறந்துவிட்டான். வழக்கப்படி சில மணி நேரத்தில் உடலைக் கழுவி, துணி சுற்றி, அடக்கம் செய்திருக்க வேண்டும்.

ஆனால் மாமா, இஸ்லாமியக் கட்சிகளுக்கு எதிரான ஒரு கட்சியைச் சேர்ந்தவர். வாசலில் அந்தக் கட்சியின் சுவரொட்டி இருந்தது. அடக்கச் சடங்கு நடத்தும் இஸ்லாமிய அலுவலர் அதைப் பார்த்துவிட்டு, இது வேறு மதம், இதற்கான சடங்கு எனக்குத் தெரியாது என்று கைவிட்டுவிட்டார். உடலை யார் கழுவுவது, எப்படிக் கழுவுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கம்பக்கத்தார் வந்தார்கள், கட்சிவாரியாகப் பிரிந்து, பேசாமல் உட்கார்ந்தார்கள். சாவு வீட்டில் அமைதி காப்பது அவர்கள் வழக்கம். அன்றைக்கு அத்தை கட்டுமீறி அலறினார். கடைசியில் வெளியூரிலிருந்து சிறுவனின் பெற்றோர் வந்து, இஸ்லாமிய முறைப்படியே செய்யச் சொன்ன பிறகுதான் அடக்கம் நடந்தது.

ஒன்றிணைக்க வேண்டிய சடங்கே இங்கே சண்டைக்கான இடமாகிவிட்டது. "சடங்கு பலவீனமாகிவிட்டது, சமூகம் சிதைகிறது" என்று ஒரு செயல்பாட்டுவாதி சொல்லக்கூடும். கீர்ட்ஸ் அதை ஏற்கவில்லை. சடங்குக்கு அங்கே மதிப்பு குறையவில்லை; மதிப்பு இருந்ததால்தான் அது நடக்காமல் போனது அத்தனை வேதனையானது. அந்த மக்கள் கிராமத்துச் சடங்கின் பொருளோடு நகரத்துக்கு வந்துவிட்டவர்கள். கிராமத்தில் அக்கம்பக்கத்தார் என்றால் ஒரே தரப்பு. நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேறு கட்சி, வேறு வர்க்கம். சடங்கு சொல்லும் பொருள் ஒரு பக்கம், அவர்களுக்குள் உண்மையில் இருக்கும் உறவு இன்னொரு பக்கம் என்று இரண்டும் விலகி நின்றன. செயல்பாட்டுவாதம் இந்த இரண்டையும் ஒன்றின் நிழல் இன்னொன்று என்று வைத்துக்கொண்டதால், மாற்றம் வரும்போது அதற்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை என்பது அவர் விமர்சனம்.

நம் ஊர்ப் பக்கமே பார்க்கலாம். சிவகங்கை மாவட்டம் கண்டதேவி கோயில் தேரின் வடத்தைப் பிடிக்கும் உரிமையை தலித் மக்கள் கேட்டபோது பிரச்சினை உயர் நீதிமன்றம்வரை போனது; பல ஆண்டுகள் தேர் ஓடவே இல்லை. "தேர்த் திருவிழா ஊரை ஒன்றிணைக்கிறது" என்று எழுதுகிறவர், அந்த 'ஊர்' என்ற சொல்லுக்குள் சேரி வருகிறதா என்று சொல்லிவிட்டு எழுத வேண்டும்.

பெங்களூருவில் கேள்வி வேறு மாதிரி திரும்பும். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டி இந்த நகரத்தில் தமிழர்கள் மீது வன்முறை நடந்தது. அந்த நினைவு உள்ள தெருவில் தமிழ் அம்மன் பாட்டு ஸ்பீக்கரில் ஒலிப்பது தமிழர்களுக்குள் 'நாம்' என்பதை உறுதி செய்கிறது. அதே நேரம் 'அவர்கள்' என்ற கோட்டையும் கொஞ்சம் அழுத்தி வரைகிறது. பல தெருக்களில் பேனர் கன்னடத்திலும் இருக்கும், ஊர்வலத்தில் கன்னடர்களின் சிவப்பு மஞ்சள் கொடியும் வரும், கன்னட வீட்டுப் பெண்களும் குடம் எடுப்பார்கள். ஒரே சடங்கு கோட்டை அழிக்கவும் செய்யலாம், ஆழமாக்கவும் செய்யலாம். எது நடக்கிறது என்பதைத் தெருவில் போய்த்தான் பார்க்க வேண்டும், கோட்பாட்டிலிருந்து உருவி எடுக்க முடியாது.

## ஏன் கூழ், ஏன் கிரிக்கெட் இல்லை?

கடைசியாக ஒரு எல்லை. அதே தெருவில் பொங்கலுக்கு டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமெண்ட் நடக்கிறது. அதற்கும் ரசீதுப் புத்தகம் உண்டு, கூட்டம் உண்டு, கொந்தளிப்பு உண்டு. ஒற்றுமைதான் செயல்பாடு என்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று: ஒரே பலனைத் தரக்கூடிய வேறு வழி. மாற்று இருக்கும்போது, "ஒற்றுமை தேவை, ஆகவே கூழ்" என்ற வாதம் நிற்காது. ஒற்றுமையின் தேவையிலிருந்து அதிகபட்சம் "ஏதோ ஒன்று வேண்டும்" என்பதுவரைதான் போகலாம். கேழ்வரகு ஏன், வேப்பிலை ஏன், குடம் ஏன், ஏன் பெண் தெய்வம், ஏன் ஆடி என்பவற்றுக்குச் செயல்பாட்டு விளக்கத்தில் இடமே இல்லை. தத்துவவாதி கார்ல் ஹெம்பெல் 1959இல் தர்க்கரீதியாகக் காட்டியது ஏறக்குறைய இதுதான்.

இதையெல்லாம் வைத்து ஒரு பத்தி எப்படி எழுதலாம் என்று காட்டிவிடுகிறேன். மாணவர்கள் வழக்கமாக எழுதுவது: "ஆடிக்கூழ் சமூகத்தை ஒன்றிணைக்கிறது. எனவேதான் இது இன்றும் நடைபெறுகிறது." இதில் 'எனவேதான்' என்ற ஒற்றைச் சொல் செய்யாத வேலைக்குச் சம்பளம் வாங்குகிறது. இப்படி மாற்றிப் பாருங்கள்:

"ஆடிக்கூழில் பங்கேற்பவர்கள் நேர்த்திக்கடனையே காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் திருவிழாவில் சேர்ந்து வேலை செய்வது, தெருவில் புதிதாகக் குடியேறியவர்களைப் பழைய குடும்பங்களோடு பழக வைக்கிறது. இது உள்ளுறைச் செயல்பாடாக இருக்கலாம். இந்தப் பழக்கம் அடுத்த ஆண்டு வசூலை எளிதாக்கினால் மட்டுமே சடங்கு நிலைப்பதற்கு இதைக் காரணமாகக் கொள்ள முடியும். வசூலில் பெரும் பங்கு ஒரே ஆதரவாளரிடமிருந்து வந்தால் இந்த விளக்கம் பலவீனப்படும். இந்தப் பழக்கத்தின் வட்டத்துக்கு வெளியே நிற்கும் வீடுகள் எவை என்பதும் பார்க்கப்பட வேண்டும். சடங்கின் தோற்றத்தையும் வடிவத்தையும் இந்த விளக்கம் தொடுவதில்லை."

மதிப்பெண் போடுகிறவர் இந்தக் கடைசி வாக்கியத்தில் நின்று, "அப்படியானால் வடிவத்தை எதைக் கொண்டு விளக்குவாய்?" என்று வைவாவில் கேட்பார். அதற்குக் கீர்ட்ஸ் பக்கம் போய், அந்தக் குடமும் வேப்பிலையும் குடம் தூக்குகிறவர்களுக்கு என்ன பொருள் தருகின்றன என்று கேட்க வேண்டியிருக்கும். பாட்டியிடம் இன்னொரு முறை போகும்போது 'ஏன்' என்று கேட்காதீர்கள், அதற்கு அவர் பதில் சொல்லியாகிவிட்டது. குடத்தில் வேப்பிலை இல்லாமல் கோயிலுக்குப் போனால் என்ன ஆகும் என்று கேளுங்கள்.